“என்னக் கொஞ்சம் சும்மா உடு புள்ள”

என் கணவர் சத்தம் போட்டுப் பேசுபவரல்ல. வாக்குவாதம் முற்றினால் முகம் இறுகிவிடும். “என்னக் கொஞ்சம் சும்மா உடு புள்ள” என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். கல்யாணமான புதிதில் அந்த வார்த்தை என் காதில், “நீ வேண்டாம்” என்றே விழுந்தது.

ஒருநாள், என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், தம்பியின் ஓட்டோ லீசிங்குக்கு 40,000 ரூபாய் கொடுத்திருந்தார். மகளின் டியூசன் காசும் அதற்குள் போய்விட்டது. கேட்டேன். பேச்சு வளர்ந்தது. வழமைபோல் எழுந்தார். நான் விடவில்லை. அறையிலிருந்து விறாந்தைக்கும், விறாந்தையிலிருந்து கிணற்றடிக்கும் பின்னாலேயே போய்க் கேட்டேன். கடைசியில் என் உம்மாவைப் பற்றி ஒரு சொல் சொல்லிவிட்டார். அந்தக் காயம் ஆறப் பல மாதங்கள் சென்றன. காசு விடயமோ பேசப்படாமலே கிடந்தது.

தாதியாக வேலை செய்யும் என் ராத்தாதான் விளங்கப்படுத்தினா. அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன், தம்பதிகள் வாக்குவாதப்படும்போது அவர்களின் நாடித்துடிப்பை அளந்து பார்த்தவராம். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால், எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது. அது அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும்.

“அவர் உன்ன விட்டுப் போகல்ல. வாயால ஏதும் வந்திடும் எண்டு பயந்துதான் போறார். நீ பின்னால போனா அந்த 20 நிமிசம் திரும்பவும் முதல்லருந்து தொடங்கும்” என்றா.

அடுத்த முறை அவர் எழுந்தபோது நான் வழிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டேன்: “சரி, எப்ப பேசுவம்?” சற்று நின்று, “இஷாவுக்குப் பிறகு” என்றார். அந்த நேரத்தில் உம்மாவுக்கோ மாமிக்கோ போன் எடுக்கவில்லை. அவர் சொன்னதை மனதுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்தால் என் துடிப்பும் இறங்காது என்பதால், அரிசி புடைக்க உட்கார்ந்தேன். இஷா முடிந்து வந்தவர், தானாகவே கதிரையை இழுத்துப் போட்டார். இனி 5,000 ரூபாய்க்கு மேல் யாருக்குக் கொடுப்பதானாலும் இருவரும் பேசித்தான் என்று அன்று முடிவாயிற்று.

தனிமை கேட்பதும் முகம் கொடுக்காமல் தண்டிப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். தனிமை கேட்பவர் பேசும் நேரத்தைச் சொல்வார், சொன்னபடி வருவார், விட்ட இடத்திலிருந்து பேசுவார். நேரம் சொல்ல மறுத்து, நாட்கணக்கில் வாய் திறக்காமல் இருந்து, நாம் மன்னிப்புக் கேட்ட பிறகே சோற்றில் கை வைப்பவர் கேட்பது தனிமையல்ல. அங்கே வழிவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை. இரு பக்கமும் மதிக்கும் பெரியவர் ஒருவரை நடுவில் இருத்தித்தான் பேச வேண்டும்.

இப்போது சில நாட்களில் நானும் அதே வார்த்தையைச் சொல்கிறேன். “எப்ப பேசுவம்?” என்று அவர் கேட்கிறார்.