பதின்மூன்று நாளும் மூவாயிரம் ரூபாயும்

அம்மா ஐம்பது வயதில் பெரட்டுக்குப் போவதை நிறுத்தினார். அவரது ஊழியர் சேமலாப நிதி காசு கைக்கு வந்தபோது எங்கள் லயத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆட்டோ வாங்கு, பெங்க்ல போடு, வட்டிக்குக் குடு. கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன் சொன்னது யூனிட் டிரஸ்ட். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் என்கிறார்களே, அதேதான். பங்குகளில் முதலிடும் ஒரு நிதியத்தில் 2023 மார்ச் 20 அன்று அம்மா பெயரில் இரண்டு லட்சம் போட்டோம். அன்றைக்கு ஒரு யூனிட் 20 ரூபாய். ஆக 10,000 யூனிட். செப்டம்பரில் இன்னொரு 45,000. அப்போது விலை 22.50, அதனால் 2,000 யூனிட்.

அடுத்த வருடம் மார்ச் முதல் வாரம் தங்கச்சியின் கோர்ஸ் கட்டணம் 1,50,000 கட்ட வேண்டி வந்தது. பதுளை டவுனில் கம்யூனிகேஷன் கடையில் படிவத்தை பிரின்ட் எடுத்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, மார்ச் 7 அன்று ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். யூனிட் விலை 24 ஆகியிருந்தது. 6,250 யூனிட் விற்றால் சரியாக 1,50,000. கணக்கு முடிஞ்சது என்று நினைத்தோம்.

வங்கிக்கு வந்தது 1,47,000.

ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 2 வீதம் வெளியேறும் கட்டணம் என்று விளக்க ஏட்டில் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது லாபத்துக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம். யூனிட்டுக்கு 4 ரூபாய் லாபம், 6,250 யூனிட்டுக்கு 25,000, அதில் 2 வீதம் 500 ரூபாய். போனா போகுது! உண்மையில் அந்தக் கட்டணம் விற்கும் தொகை முழுவதற்கும். 1,50,000இல் 2 வீதம் 3,000. விலை 18 ரூபாய்க்கு விழுந்து நட்டத்தில் விற்றிருந்தாலும் இதே 2 வீதம் பிடித்திருப்பார்கள்.

கையில் முழு 1,50,000 வர வேண்டுமென்றால் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்க வேண்டும். 24 ரூபாயில் 2 வீதம் போனால் ஒரு யூனிட்டுக்குக் கிடைப்பது 23.52. அதனால் 1,50,000ஐ வகுத்தால் சுமார் 6,378 யூனிட். நாங்கள் 6,250தான் எழுதினோம். குறைந்த மூவாயிரத்தை பெரியம்மாவிடம் கைமாத்தாக வாங்கினோம்.

பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தோம். முதலில் வாங்கிய யூனிட்டுக்கு ஒரு வருடம் முடிய இன்னும் 13 நாள்தான் இருந்தது. விற்கும்போது பழைய யூனிட்தான் முதலில் போகும். அதனால் மார்ச் 20 வரை பொறுத்திருந்தால் ஒரு சதமும் போயிருக்காது. ஆனால் செப்டம்பரில் வாங்கிய 2,000 யூனிட்டுக்கு அந்த வருடக் கணக்கு தனி. அது செப்டம்பரில்தான் முடியும். மாதாமாதம் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு மாத யூனிட்டுக்கும் ஒவ்வொரு தேதி. 'கணக்கு தொறந்து ஒரு வருஷம் ஆச்சே' என்று சொல்லிப் பயனில்லை.

"என் தோட்ட அடகு வச்சிருக்கலாமே," என்றார் அம்மா. அதையும் போட்டுப் பார்த்தோம். மாதம் ஒன்றரை வீதம் வட்டி, ஒரு மாதத்துக்குக் குறையாமல் பிடிப்பார்கள். 1,50,000க்கு 2,250. 750 ரூபாய் மிச்சம். ஆனால் அந்த 13 நாளில் யூனிட் விலை 12 சதம் இறங்கினாலே 6,250 யூனிட்டில் அந்த 750 போய்விடும். பங்கு நிதியத்தில் 12 சதம் ஒரே நாளில் இறங்கும். ஆக அம்மாவின் தோடு காதிலேயே இருந்தது நல்லதுதான்.

கட்டணத்தை அநியாயம் என்றும் சொல்லத் தோன்றவில்லை. ஒருவர் அவசரமாக எடுத்தால் நிதியம் பங்குகளை விற்க வேண்டும், அந்தச் செலவு மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழும். இந்தியாவில் 2012 முதல் இந்தக் கட்டணத்தை நிர்வாகக் கம்பெனி எடுத்துக்கொள்ள முடியாது, நிதியத்துக்கே திருப்பிச் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம்முடைய நிதியத்தில் அது யாருக்குப் போகிறது என்று காசு போடும்போதே கேட்கலாம்.

எங்கள் பிழை வேறு இடத்தில். கோர்ஸ் கட்டணம் மார்ச்சில் வரும் என்று செப்டம்பரிலேயே தெரியும். அப்போது கையில் இருந்த 45,000ஐயாவது தனியாக வைத்திருக்கலாம். குறுகிய காலக் கடன்பத்திரங்களில் போடும் பணச் சந்தை நிதியங்களில் பெரும்பாலும் இந்தக் கட்டணம் கிடையாது. அப்படிச் செய்திருந்தால் மார்ச்சில் விற்க வேண்டிய யூனிட்டும் குறைந்திருக்கும், 2 வீதமும் குறைந்திருக்கும்.

மூவாயிரம் ரூபாய் என்றால் அம்மா வேலை செய்த காலத்தில் அவருக்கு இரண்டு நாள் சம்பளத்தை விட அதிகம். இப்போது நிதியத்தின் ஸ்டேட்மென்ட் வந்தால் அவர் விலையைக் கேட்பதில்லை. "எந்தத் தேதிக்கு அப்புறம் எடுத்தா வெட்ட மாட்டாங்க?" என்றுதான் கேட்கிறார். சுவரில் தொங்கும் கலண்டரில் செப்டம்பர் மாதத்தில் ஒரு தேதியைச் சுற்றி பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.