எந்த மணி செத்துச்சு?

கோவை சிங்காநல்லூரில் ஒரு வீடு. ஏழாம் வகுப்புப் பையன் மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு வரி வந்தது: `Mani tried to swim in lava`. அவன் வளர்த்த நாய் நெருப்புக்குழம்பில் விழுந்து செத்துவிட்டது. ஆனால் அவனிடம் மணி என்ற பெயரில் மூன்று நாய்கள் இருந்தன. முதல் நாள் எலும்பு போட்டுப் பழக்கிய மணியா, பிறகு வந்த இரண்டில் ஒன்றா?

தப்பு பெயர் வைத்த விதத்தில் இருந்தது. அந்த விளையாட்டில் வெறும் பெயர்ச்சீட்டைப் பட்டறைக்கல்லில் வைத்துப் பெயர் எழுத வேண்டும். அதற்கு அனுபவப் புள்ளியில் ஒரு லெவல் செலவாகும். மூன்று சீட்டை அடுக்காக வைத்தாலும் அதே ஒரு லெவல்தான். மிச்சம் பிடிக்க நினைத்து, மூன்றுக்கும் ஒரே பெயரை எழுதிவிட்டான். ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் விளையாட்டு தடுக்காது. கழுத்துப்பட்டைகளும் மூன்றுக்கும் ஒரே சிவப்பு.

காங்கேயத்திலிருந்து வந்திருந்த அம்முச்சி விஷயத்தைக் கேட்டார். "ஏஞ்சாமி, நம்ம கட்டுத்தறியில ரெண்டு மயிலை நின்னா, பெரிய மயிலை, சின்ன மயிலைன்னு பிரிச்சுத்தான கூப்புடுவோம்? எல்லாத்தையும் மயிலைன்னா எது வரும்?"

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டான். முதலில் கட்டடங்களுக்குப் பெயர்: Thottam, Aaru, Kottai. ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் அதே பெயர் எழுதிய கொடியை நட்டு, கையில் வரைபடத்தோடு அதைத் தொட்டான். பெயர் வரைபடத்திலும் வந்துவிட்டது. அங்கே இருக்கும் பெட்டிக்கும் பிராணிக்கும் அந்தப் பெயரே முன்னால் வரும். மீதி இரண்டு நாய்களுக்குப் புதுச் சீட்டு தேடி, Thottam Mani, Aaru Mani என்று மாற்றினான். பட்டைக்கு ஒன்றுக்கு நீலச் சாயம், இன்னொன்றுக்கு மஞ்சள். பெயர் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும். பட்டையின் நிறம் தூரத்திலேயே தெரியும்.

எழுத்து மாறினாலும் தொல்லை என்பதை ரொட்டியில் கண்டுகொண்டான். ஒரு அடுக்குக்கு Kambu என்றும் இன்னொன்றுக்கு kambu என்றும் எழுதியிருந்தான். இரண்டும் ரொட்டிதான், ஆனாலும் ஒரே கட்டத்தில் சேரவே இல்லை, பெட்டியில் இரண்டு இடம் பிடித்தன. அதனால் இப்போது எந்தப் பெயரையும் முதலில் நோட்டில் எழுதி, அதைப் பார்த்துத்தான் பட்டறைக்கல்லில் தட்டுகிறான். பிராணியின் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் இன்னொரு சீட்டும் இன்னொரு லெவலும் போய்விடும்.

செத்தது எந்த மணி என்று கடைசிவரை தெரியவில்லை. குழம்பின் ஓரத்தில் ஒரு பலகை நட்டு, Mani என்று மட்டும் எழுதினான். பக்கத்தில் ஊர்ப்பெயர் எதுவும் போடவில்லை. அந்த ஒற்றைப் பெயரை இனி யாருக்கும் வைப்பதில்லை என்று நோட்டில் குறித்திருக்கிறான்.