கவுனி அரிசி சாயம் போகுதா?

போன வாரம் மெட்ராஸ்ல இருந்து மச்சான் போன் பண்ணினார். "மாப்ள, நீ குடுத்துவிட்ட கருப்புக் கவுனிய ராத்திரி ஊறப்போட்டேன். காலையில பாத்தா தண்ணி பூரா ஊதா. சாயம் போட்ட அரிசியா?"

சுருக்குன்னு இருந்துச்சு. சிலமலையில என் அரை ஏக்கர்ல நானே நட்டு அறுத்த நெல்லு அது. "ஒரு டம்ளர்ல அந்தத் தண்ணிய எடுத்து அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க" என்றேன். போனை வைக்காமலே பிழிந்தார். "ஏ, செவப்பா மாறுதே!"

அதுதாங்க அடையாளம். கவுனியின் கருப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத்திலும், கத்திரிக்காய்த் தோலிலும், ஊதா சக்கரைவள்ளியிலும் இருப்பது இதே வகைதான். புளிப்பு பட்டால் சிவக்கும். சமையல் சோடா பட்டால் நீலமோ பச்சையோ ஆகும். கடைச் சாயம் பெரும்பாலும் இப்படி மாறாது. இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு அரிசியை ஒடித்துப் பாருங்கள். மேல்தோல் மட்டும் கருப்பு, உள்ளே வெள்ளையாக இருக்கும். சாயம் முழுக்க அந்தத் தவிட்டுத் தோலில்தான். அதனால்தான் மில்லில் "உமியை மட்டும் நீக்குங்க, பாலிஷ் போடாதீங்க" என்று பக்கத்திலேயே நிற்பேன். பாலிஷ் போட்டால் கருப்பு தவிட்டோடு போய்விடும்.

"அப்ப மிச்சத் தண்ணிய கீழ ஊத்திரவா?"

"ஊத்திராதீங்க மச்சான்!" இந்த நிறமி தண்ணீரில் கரையும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் காசு கொடுத்து வாங்கியதையும் சேர்த்துக் கொட்டுகிறோம். முதலில் சட்டென்று இரண்டு தடவை அலசிவிட்டு, ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி எட்டு மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரிலேயே குக்கரில் வேகவிட வேண்டும். கஞ்சி வடிக்கக் கூடாது. சூட்டில் கொஞ்சம் நிறமி அழியத்தான் செய்யும். மிச்சம் சோற்றில் நிற்கும்.

கடைசியாக, கேட்கக் கூடாததைக் கேட்டார். "இதத் தின்னா சுகர் எறங்குமாமே, மாத்திரைய நிறுத்திரலாமா?"

எங்க மதினி அப்படித்தான் நம்புச்சு. கருப்பரிசிதானேன்னு ராத்திரி ரெண்டு தட்டு சாப்பிட்டு, மாத்திரையையும் விட்டுருச்சு. ஒரே மாசத்துல, வெறும் வயித்துல 150 இருந்த சுகர் 230. டாக்டர் வைத வசவு இன்னும் காதுல கேக்குது.

நிறமி நாம் தின்பதில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் உடைபடுகிறது. தவிட்டின் நார்ச்சத்து செரிப்பதைக் கொஞ்சம் மெதுவாக்கும். ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளை மாவு, சோறு எதுவானாலும் சர்க்கரையாகத்தான் மாறும். செட்டிநாட்டில் கவுனியைத் தேங்காயும் சீனியும் போட்டு விசேஷத்துக்குத்தான் வைப்பார்கள், மருந்தாக அல்ல.

"ஒரு கப் சோறு, நிறைய காய். மாத்திரைய மட்டும் விடாதீங்க" என்றேன். "சரி மாப்ள, அடுத்த அறுப்புக்கு அஞ்சு கிலோ எடுத்து வை" என்றார்.