ஐந்து நட்சத்திரம் யாருக்கு?

பெரம்பலூரில் சித்திரை வெயில் எப்படி அடிக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏ.சி. வாங்கப் போனால் அதன் நெற்றியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களைத்தான் முதலில் எண்ணுகிறோம். அவை கடைக்காரர் ஒட்டியவை அல்ல. மத்திய அரசின் பி.இ.இ. என்ற எரிசக்தித் திறன் பணியகம் வகுத்த கணக்கு அது. ஏ.சி. தரும் குளிர்ச்சியை அது இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். ஸ்பிளிட் ஏ.சி.க்கு 2018-இல் அந்த எண் 4.5-ஐத் தொட்டால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையிலிருந்து 5-ஐத் தொட வேண்டும் என்று உயர்த்தினார்கள். நேற்று ஐந்து வாங்கிய பல ஏ.சி.கள் மறுநாள் நான்காகிவிட்டன. இயந்திரம் மாறவில்லை, அளவுகோல் மாறியது. அதனால்தான் அந்த ஸ்டிக்கரில் ஆண்டும் அச்சிட்டிருக்கும்.

ஆன்லைனில் பொருள் வாங்கிவிட்டு நாம் போடும் நட்சத்திரத்துக்கு அப்படி ஒரு அளவுகோல் கிடையாது. ஒருவர் கோபத்தில் ஒன்று போடுவார், இன்னொருவர் டப்பாவைப் பிரிக்கும் முன்பே ஐந்து போடுவார். அரியலூரில் தனியாக இருக்கும் என் தங்கை நான் போடும் நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் பொருள் வாங்குகிறாள். பென்ஷன் பணம். ஆகவே எனக்கென்று ஓர் அளவுகோலை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாங்கிய வேலையையே செய்யாவிட்டாலோ, ஷாக் அடிப்பது போல ஆபத்து இருந்தாலோ ஒன்று. வேலை அரைகுறையாக நடந்து, அதற்குத் துணையாக வேறொன்று வாங்க வேண்டி வந்தால் இரண்டு. முக்கியமான வேலை நடக்கிறது, ஆனால் டப்பாவில் எழுதியது முழுக்க இல்லை என்றால் மூன்று. எழுதியது எல்லாம் இருக்கிறது, புழக்கத்தில் பெயர் சொல்லக்கூடிய ஒரு குறை இருந்தால் நான்கு. குறையே இல்லாமல், அதே விலைக்கு மறுபடி என் காசில் வாங்குவேன் என்றால் மட்டும் ஐந்து.

ஒரு எமர்ஜென்ஸி விளக்கை வைத்துச் சொல்கிறேன். டப்பாவில் நான்கு மணி நேரம் எரியும் என்று போட்டிருந்தது. முழுக்க சார்ஜ் ஏற்றி இரவு ஏழு மணிக்குப் போட்டேன். பதினொன்று ஐந்துக்குத்தான் அணைந்தது. ஒரு மாதம் கழித்தும் அப்படியே. ஆனால் சுவிட்ச் பின்பக்கம் சின்னதாக இருக்கிறது, இருட்டில் தடவித் தேட வேண்டும். ஆகவே நான்கு. ஆறு மாதம் கழித்து அதே சோதனையில் இரண்டரை மணி நேரம்தான் வந்தது. சாயங்காலக் கரண்ட் கட்டுக்குப் போதும், ஆனால் சொன்னபடி இல்லை. மூன்றாகக் குறைத்தேன். ஓராண்டில் நாற்பது நிமிடம். பக்கத்தில் மெழுகுவத்தியும் வைக்க வேண்டியதாயிற்று, இரண்டு. ஒவ்வொரு முறையும் பழைய விமர்சனத்தைத் திருத்தி, தேதியும் நிமிடமும் எழுதினேன். விளக்கும் மின்கலமும் பழசாகும் பொருட்கள். முதல் வாரத்து நட்சத்திரம் முதல் வாரத்துக்குத்தான் சாட்சி.

இதே கோலைத்தான் அதைப்போல் பல மடங்கு விலையுள்ள மிக்ஸிக்கும் வைத்தேன். மஞ்சள் முதல் இட்லி மாவு வரை சொன்னபடி அரைத்தது, சட்னி ஜாரின் மூடி மட்டும் கசிந்தது. நான்கு. ‘இவ்வளவு காசு கொடுத்தோமே’ என்று ஐந்துக்கு ஏற்றவில்லை. விளக்கை ‘இந்த விலைக்கு இது போதாதா’ என்றும் ஏற்றவில்லை. விலையைப் பற்றி எழுத்தில் சொல்லலாம்; ஐந்தா நான்கா என்ற ஒரே இடத்தில்தான் அதற்கு வேலை.

டெலிவரி பையன் நான்கு நாள் தாமதமாக வந்தால் அது மிக்ஸியின் குற்றமல்ல. விற்பனையாளரை மதிப்பிடத் தனி இடம் இருந்தால் அங்கே எழுதுவேன்.

மற்றவர்கள் போட்டதைப் படிக்கும்போதும் இது உதவும். பத்துப் பேரில் ஏழு பேர் ஐந்தும் மூன்று பேர் ஒன்றும் போட்டால் சராசரி 3.8. எட்டுப் பேர் நான்கும் இரண்டு பேர் மூன்றும் போட்டாலும் அதே 3.8. இரண்டாவது, சுமாரான நல்ல பொருள். முதலாவதில் மூன்று பேருக்குப் பொருள் வேலையே செய்யாமல் போயிருக்கலாம். அதனால் தங்கையிடம் சராசரியைப் பார்க்காதே, ஒற்றை நட்சத்திரக்காரர்கள் எழுதியதைப் படி என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் ‘லேட்டா வந்துச்சு’ என்று எழுதியிருந்தால் தைரியமாக வாங்கலாம். மூன்று பேரும் ‘சூடாகி மணக்கிறது’ என்று எழுதியிருந்தால், மற்ற ஏழு பேர் என்ன சொன்னாலும் வேண்டாம்.