மூடிக் கணக்கு வேணாம் பாஸ்!

பாத்ரூம் கழுவுற முறை உங்களுக்கு வந்தா முதல்ல என்ன செய்வீங்க? ப்ளீச் பாட்டிலைத் திறந்து, 'ரெண்டு மூடி போதும்டா'ன்னு ஊத்துவீங்கதானே? மூடி ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சைஸ் மக்கா. அது அளவே இல்ல.

போன மாசம் பக்கத்து ஹாஸ்டல் நண்பன் மொபைல்ல ரெண்டு போட்டோ அனுப்பினான். ஒண்ணு ப்ளீச் லேபிள். இன்னொண்ணு, அவன்கிட்ட இருந்த பாட்டிலும் பக்கெட்டும். 'எதுல எவ்ளோ ஊத்தணும் மச்சி?' கெமிஸ்ட்ரி படிக்கிறவனுக்கு இதெல்லாம் தலையெழுத்து!

லேபிள்ல 'சோடியம் ஹைப்போகுளோரைட் 4%' தெளிவா இருந்துச்சு. 'தரைக்கு, 1 லிட்டர் தண்ணீருக்கு...' அதுக்கப்புறம் ஃப்ளாஷ் வெளிச்சம் அடிச்சு 25-ஆ, 250-ஆன்னு தெரியல. இந்த இடத்துல யூகிக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4% சரக்குல 25 மி.லி. எடுத்து ஒரு லிட்டர்ல கலந்தா, கிட்டத்தட்ட 0.1% வரும். கிருமியை ஒழிக்க, தரைக்கு வழக்கமா சொல்ற அளவு அதுதான். 250 ஊத்தினா அதைப் போல பல மடங்கு. கண்ணு எரியும், தொண்டை கரகரக்கும். ஆனாலும் கணக்கை மட்டும் நம்பாம, 'சாய்ச்சு வெச்சு இன்னொரு போட்டோ எடுடா'ன்னேன். 25-தான்.

அப்புறம் ஈஸி. பக்கெட்ல 6 லிட்டர் தண்ணி பிடிச்சா, 6 x 25 = 150 மி.லி. 750 மி.லி. பாட்டில்னா முக்கால் பங்கு, அதாவது சுமார் 19 மி.லி. அளக்க, இருமல் டானிக்கோட வர்ற கோடு போட்ட குட்டிக் கப் போதும். அப்புறம் அதுல மருந்து மட்டும் குடிச்சுடாதீங்க! முதல்ல பச்சைத் தண்ணி, அதுக்கு மேல ப்ளீச். அப்பதான் முகத்துல தெறிக்காது. வேற கம்பெனி ப்ளீச்ல சதவீதம் மாறும், அதனால இந்த 25-ஐ மனப்பாடம் பண்ணாதீங்க.

எல்லாம் சொல்லி முடிச்சப்புறம்தான் ரெண்டாவது போட்டோவை உத்துப் பார்த்தேன். அந்த 750 மி.லி. பாட்டில், டாய்லெட் கழுவுற ஆசிட் காலியான பாட்டில்! அடியில கொஞ்சம் மிச்சம் வேற தெரிஞ்சுது. ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல அது நுரையீரலையே பதம் பார்த்துடும். இங்க அளவு கரெக்டா இருந்தும் பிரயோஜனம் இல்ல. உடனே போன் போட்டேன். நல்லவேளை, பயல் இன்னும் ஊத்தல.

'சரி, குடிக்கிற தண்ணி பாட்டில்ல ஊத்திக்கவா?'ன்னான் அடுத்து. ராத்திரி தாகத்துல எவனாவது எடுத்துக் குடிச்சா? அதுவும் கூடாதுன்னுட்டேன். கடைசியில பக்கெட்லயே கலந்து, கதவைத் திறந்து வெச்சு, அன்னிக்கே கழுவி முடிச்சான். கலந்த ப்ளீச் சீக்கிரமே வீரியம் இழந்துடும், நாளைக்குன்னு எடுத்து வைக்கிறதுல லாபமே இல்ல.