சாவியும் சீட்டும்

குமணன்சாவடியிலிருந்து ஷிர்டிக்குக் காரில் போனோம். மகன் ஓட்டினான், சுங்கச்சாவடிக் கணக்கு என் பொறுப்பு. (பிரெஞ்சுப் பள்ளியில் இதைப் 'பெயாழ்' என்று படித்தவன் நான்.)

2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டாகிலேயே வருடப் பாஸ் வந்திருக்கிறது. அறிமுகமானபோது 3000 ரூபாய். 200 முறை கடக்கலாம், அல்லது ஒரு வருடம். ஆனால் அது தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும். பெங்களூரு நெரிசலைத் தவிர்க்க ஓசூர் சாலையிலிருந்து தும்கூர் சாலைக்கு நைஸ் ரோட்டில் போனால் தனிக் கட்டணம். அதற்காக டாகில் 1000 ரூபாய் தனியே போட்டு வைத்தேன், சில்லறையும் கையில்.

இரவு ஹூப்ளியில் லாட்ஜ். தானே நிறுத்துவதாகப் பையன் சாவி கேட்டான். சீட்டு கொடுத்தால்தான் சாவி என்று பாதி இந்தியில், பாதி சைகையில் சொன்னேன். மகனுக்குக் கூச்சம்.

காரணம் இருக்கிறது. 1998இல் டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய மாருதி ஜென் திருடுபோனது. சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று அச்சிட்டிருந்தார்கள். சாவியை வாங்கிவிட்டால் வண்டி ஹோட்டலின் காவலில் இருக்கிறது, கவனக்குறைவு இல்லை என்று ஹோட்டல்தான் காட்ட வேண்டும், அந்த அச்சு வரி காப்பாற்றாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாமே நிறுத்திச் சாவியை வைத்துக்கொண்டால் இந்த வாதம் அவ்வளவு எளிதில் எடுபடாது.

லாட்ஜில் அச்சிட்ட சீட்டு இல்லை. மேனேஜர் ஒரு தாளில் வண்டி எண், நேரம், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலையில் கிலோமீட்டரைச் சரிபார்த்தேன், மாறவில்லை.