பேரனுக்கு இன்டர்வியூ: மறைச்சு வச்சது நாங்கதான்

போன வாரம் அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்போ ஒரு தங்கச்சி கேட்டாங்க, "அண்ணே, அனைத்துலகப் பள்ளியில சின்னப் பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கிறாங்களாமே, என்ன படிச்சுக் கொடுக்கணும்?" அங்க நின்னு சொல்ல நேரமில்லை. அதனால எங்க வீட்டுல நடந்ததை இங்க எழுதுறோம்.

தமிழ்ப்பள்ளியிலயும் மற்ற அரசாங்கப் பள்ளியிலயும் ஒன்றாம் ஆண்டுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. வயசு, பிறப்புப் பத்திரம், வீட்டு முகவரி பார்த்துப் பதிவு செய்றாங்க. தனியார் பள்ளிங்கதான் பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்குது. எங்க மகளும் மாப்பிள்ளையும் பேரனை அப்படி ஒரு பள்ளியில போட ஆசைப்பட்டாங்க. பள்ளி பேர் வேண்டாம்.

முதல்ல பாரம், அதோட பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம், பாலர் பள்ளி அறிக்கை. திருப்பித் தராத கட்டணம் வேற. பாரத்துல ஒரு கேள்வி: பிள்ளைக்கு ஏதாவது சிகிச்சையோ தனிப் பயிற்சியோ நடக்குதா? பேரன் நாலு மாசமா பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கிட்டு இருந்தான். "அதெல்லாம் எழுதாதம்மா, இடம் கொடுக்க மாட்டாங்க"ன்னு மகள்கிட்ட சொன்னது நாங்கதான். அவளும் 'இல்லை'ன்னு எழுதிட்டா.

தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேரனை உட்கார வச்சு நூறு வரைக்கும் எண்ண வச்சோம். அழகா சொன்னான். எங்களுக்குப் பெருமை.

அன்னைக்குப் பிள்ளையோட இருந்தது முப்பது நிமிஷம்தான். டீச்சர் நூறு வரைக்கும் சொல்லச் சொல்லவே இல்லை. மேசையில கட்டைங்களைக் கொட்டி, "எனக்கு ஏழு கொடு"ன்னு கேட்டாங்க. பேரன் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்துட்டான். பாட்டு மாதிரி எண் சொல்றது வேற, ஒரு கட்டைக்கு ஒரு எண்ணுன்னு தொட்டு எண்ணி, கடைசியா சொன்ன எண்தான் மொத்தம்னு புரிஞ்சுக்கிறது வேற. அவங்க பார்த்தது ரெண்டாவதை.

அடுத்து, "சிவப்பு பென்சிலை எடு, பெட்டியில போடு, அப்புறம் நாற்காலியில உட்காரு"ன்னு மூணு வேலையை ஒரே மூச்சுல சொன்னாங்க. பென்சிலை எடுத்தான், நின்னுட்டான். ஒரு ஆளை வரையச் சொன்னாங்க, கத்தரிக்கோலால கோட்டு மேல வெட்டச் சொன்னாங்க, ஒரு படத்தைக் காட்டிக் கதை கேட்டாங்க. அம்மா கையை விட்டு எப்படி உள்ள வர்றான், வேணுங்கிறதை எப்படிக் கேட்கிறான்னும் குறிச்சுக்கிட்டாங்க. நாங்களும் ஃபேக்டரியில புது ஆளைச் சர்டிபிகேட் பார்த்து லைன்ல நிறுத்துறதில்லை. ஒரு டிரேயைக் கையில கொடுத்து, சொன்ன வரிசையில செய்றானான்னுதான் பார்ப்போம். அது தெரிஞ்சும் வீட்டுல மறந்துட்டோம்.

பிறகு மகளையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டாங்க. வீட்டுல என்ன மொழி, எத்தனை மணிக்குத் தூங்குறான், கோபம் வந்தா என்ன செய்வீங்க, தானா டாய்லெட் போவானா, ஏன் இந்தப் பள்ளி. கேள்வி எல்லாம் சாதாரணம்தான். ஆனா பாரத்துல எழுதினதும், வாயால சொல்றதும், பிள்ளைகிட்ட பார்த்ததும் ஒண்ணா இருக்கான்னு பார்க்கத்தான் இந்தப் பேச்சு. "அவன் பேசுறது எனக்குப் பாதிதான் புரிஞ்சது, யாராவது பார்க்கிறாங்களா?"ன்னு டீச்சர் கேட்டதும் மகள் அழுதுட்டா. உண்மையைச் சொல்லிட்டா.

டீச்சர் கோபப்படலை. "முன்னாடியே எழுதியிருந்தா அவனுக்குக் கூடுதல் நேரம் கொடுத்திருப்போம், படம் காட்டிக் கேட்டிருப்போம்"னாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொன்னாங்க.

இந்தத் தடவை பேச்சுப் பயிற்சியாளர் கடிதத்தோட போனோம். வீட்டுல நூறு எண்ணலை. சாப்பாட்டு மேசையில "அஞ்சு கரண்டி எடுத்து வை, தாத்தாவுக்குத் தண்ணி கொடு, கதவைச் சாத்து"ன்னு வேலை சொன்னோம். ஏழு கட்டையைச் சரியா கொடுத்தான்.

இருந்தாலும் நாங்க கேட்ட ஒன்றாம் ஆண்டு கிடைக்கலை. ஒரு வகுப்பு கீழே கொடுத்தாங்க. அந்தப் பள்ளியில செப்டம்பர் 1-க்குள்ள 5 வயசு ஆகியிருக்கணும், பேரன் ஆகஸ்ட்ல பிறந்தவன். போன வருஷம் செப்டம்பர்லயே 5 முடிச்ச பிள்ளையும் அதே வகுப்புலதான் உட்காரும். அந்தப் பதினொரு மாசம் இந்த வயசுல பெரிசு. மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போச்சு. நாங்க சரின்னு சொல்லுங்கன்னோம்.

ஒண்ணு மட்டும் சொல்றோம். உண்மையை எழுதினா எல்லாப் பள்ளியும் எடுத்துக்கும்னு இல்லை. உதவி ஆசிரியர் இல்லைன்னு கையை விரிக்கிற பள்ளியும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துல மறைச்சு உள்ள போயிருந்தா, தினமும் கஷ்டப்படப் போறது எங்க பேரன்தானே. அந்தப் பாரத்துல 'இல்லை'ன்னு எழுதச் சொன்னதுக்கு மகள்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டோம்.

தங்கச்சி, பதில் இதுதான். வர்ற வெள்ளிக்கிழமை பார்ப்போம்.